போர் நீதியும் அகிம்சையும்: நெற்கட்டும்செவல் முதல் கழுகுமலை வரை

கல்லூரி இறுதியாண்டில் மெய்யியலோ வரலாறோ படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சமயங்களின் போர் நெறி பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அந்தக் கட்டுரை இரண்டு கட்டங்கள் போட்ட அட்டவணையாக முடிந்துவிடுகிறது. ஒரு கட்டத்தில் போரை அனுமதிக்கும் சமயங்கள் என்று இஸ்லாமும் கிறிஸ்தவமும். இன்னொரு கட்டத்தில் அகிம்சைச் சமயங்கள் என்று சமணமும் பௌத்தமும். முஸ்லிம் வீட்டுப் பிள்ளை அந்த அட்டவணையை எழுதிவிட்டு, வகுப்பில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியதாகிவிடுகிறது.

இந்த அட்டவணை சரியல்ல. அது இஸ்லாத்துக்கு மட்டுமல்ல, சமணத்துக்கும் நியாயம் செய்யவில்லை. இதைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சங்கரன்கோவிலில் இருந்தே தொடங்கலாம். ஊருக்கு அருகே புலித்தேவரின் நெற்கட்டும்செவல் இருக்கிறது. கோவில்பட்டிச் சாலையில் கிழக்கே சென்றால் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் நிறைந்த கழுகுமலை இருக்கிறது. ஒன்று போரின் நினைவிடம், மற்றது அகிம்சையின் நினைவிடம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பாடத்தின் முக்கியமான கேள்விகள் எல்லாம் நம் கண்முன்னே வந்து நிற்கும்.

1755: ஒரு படையெடுப்பு

1755இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் திருச்சிராப்பள்ளியில் இருந்து தெற்கே படை நடத்தி வந்தார். ஏறத்தாழ 500 ஐரோப்பியரும் 2,000 சிப்பாய்களும் அவரிடம் இருந்தனர். ஆற்காடு நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ் கான் தம் குதிரைப்படையுடன் உடன் வந்தார். சிப்பாய்களில் ஒரு தளபதியாக, பின்னாளில் ‘கான் சாகிப்’ என்று மக்கள் அழைத்த யூசுப் கானும் இருந்தார். நவாபின் பெயரால் மதுரை, திருநெல்வேலிப் பாளையங்களில் கப்பம் வசூலிப்பதே படையின் நோக்கம்.

நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் ஹெரான் பணம் கேட்டார். புலித்தேவர் தர மறுத்தார். கம்பெனியின் சிறிய பீரங்கிகளால் கோட்டையை உடைக்க முடியவில்லை. ஹெரான் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதாயிற்று. இந்த நிகழ்ச்சியைத்தான் நம் வட்டாரத்தில் பெருமையோடு சொல்கிறோம்.

இதே படையெடுப்பில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை அதிகம் பேர் பேசுவதில்லை. திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்த ஒரு சிறு பாளையக் கோட்டையை ஹெரானின் படைப்பிரிவு தாக்கியது. வாயிற்கதவுக்குத் தீ வைத்து உள்ளே புகுந்தது. புகுந்தபின் ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் வெட்டிச் சாய்த்தது. கோட்டைக்குள் இருந்த 400 பேரில் உயிர் தப்பியவர்கள் ஆறு பேர். இதை எழுதி வைத்தவர் பாளையக்காரர் தரப்பைச் சேர்ந்தவர் அல்லர். கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேயரே இதைப் பதிவு செய்து, தம் நாட்டு வீரர்கள் இப்படிச் செய்தார்களே என்று வருந்தவும் செய்தார்.

இந்த இரண்டு கோட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், போர் நெறி என்ற பாடத்தின் அடிப்படைப் பிரிவு விளங்கும்.

இரண்டு வேறு கேள்விகள்

எந்தப் போரைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்கப்படுகின்றன. முதலாவது, இந்தப் போரைத் தொடங்க உனக்கு நியாயம் இருக்கிறதா? இரண்டாவது, தொடங்கிய போரை நீ நியாயமாக நடத்துகிறாயா? கிறிஸ்தவ உலகில் இந்த ஆய்வுக்கு அகஸ்டினும் பின்னர் தாமஸ் அக்வினாசும் அடித்தளமிட்டார்கள். போர் நியாயமாக இருக்க உரிய அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம் ஆகிய மூன்றும் வேண்டும் என்றார் அக்வினாஸ். அவருக்கு 400 ஆண்டுகளுக்கும் முன்பே, இமாம் அபூஹனீஃபாவின் மாணவர் இமாம் முஹம்மது ஷைபானி (இறப்பு 805) போர், உடன்படிக்கை, கைதிகள், அடைக்கலம் பற்றிய சட்டங்களை ‘ஸியர்’ என்ற தனித் துறையாகவே தொகுத்துவிட்டார். நம் மதரஸாக்களில் ஹனஃபி ஃபிக்ஹ் படிப்பவர்கள் அந்தப் பெயரை அறிவார்கள்.

முதல் கேள்வியை 1755ஆம் ஆண்டின் மீது வைத்துப் பார்த்தால் விடை எளிதில் கிடைப்பதில்லை. கப்பம் வாங்கும் உரிமை தமக்கு உண்டு என்றார் நவாப். மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தபின் தங்கள் மண்ணில் தாங்களே அதிகாரிகள் என்றார்கள் மேற்குப் பாளையக்காரர்கள். கம்பெனியோ தான் நவாபின் உதவிக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் தம் தரப்பே நியாயம்.

இதைச் சமய அடையாளத்தை வைத்தும் தீர்க்க முடியாது. கம்பெனியோடு வந்த மாபூஸ் கான் சில ஆண்டுகளில் தம் தம்பியான நவாபுக்கு எதிராகத் திரும்பிப் புலித்தேவர் அணியில் சேர்ந்தார். பட்டாணியத் தளபதிகள் சிலரும் பாளையக்காரர்களுக்குத் துணை நின்றார்கள். எதிர்ப்பக்கம் யூசுப் கான் இருந்தார். 1759இல் வாசுதேவநல்லூரைத் தாக்கித் தோற்ற அவர், 1761இல் அதையும் நெற்கட்டும்செவலையும் கைப்பற்றினார். அதே யூசுப் கான் பின்னர் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். முஸ்லிமும் முஸ்லிம் அல்லாதவரும் இரு அணியிலும் கலந்து நின்ற இந்தப் போரை ‘மதப் போர்’ என்று எவராவது பிள்ளைகளிடம் சொன்னால், இந்த விவரங்களை எடுத்துச் சொன்னாலே போதும்.

இரண்டாவது கேள்விக்கு இந்தக் குழப்பமே கிடையாது. கப்பம் யாருக்குச் சேர வேண்டியது என்பதில் நூறு வாதங்கள் இருக்கலாம். கோட்டைக்குள் இருந்த குழந்தையை வெட்டியது தவறு என்பதில் இரண்டு வாதம் இல்லை. போரின் காரணம் சரியாக இருந்தாலும் அந்தச் செயல் தவறு. காரணம் தவறாக இருந்தாலும் அந்தச் செயல் தவறு. போர் நெறியின் உயிர்நாடி இதுதான். நியாயமான காரணம் கையில் இருக்கிறது என்பதால் எதையும் செய்யலாம் என்ற உரிமை யாருக்கும் வந்துவிடாது.

திருக்குர்ஆன் போருக்கு அனுமதி அளிக்கும் இடத்திலேயே இந்த வேலியையும் போட்டுவிடுகிறது. அல்பகரா அத்தியாயத்தின் 190ஆம் வசனம், உங்களோடு போரிடுபவர்களோடு போரிடுங்கள் என்பதோடு நிற்காமல் வரம்பு மீறுவதையும் தடை செய்கிறது. அல்மாயிதா 8ஆம் வசனம், ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதி தவறத் தூண்டிவிடக் கூடாது என்ற பொருளில் எச்சரிக்கிறது. போர்க்களத்தில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடந்ததை அறிந்த நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டித்து, பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் படையை அனுப்பும்போது, பெண்கள், குழந்தைகள், முதியவர்களோடு கனிதரும் மரங்களையும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்து அறிவுரை வழங்கியதை முவத்தா பதிவு செய்திருக்கிறது.

தமிழ் மண்ணும் இந்த உணர்வுக்கு அந்நியமல்ல. பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் புறநானூற்று 9ஆம் பாடல், அம்பு எய்வதற்கு முன்பே பசுக்கள், பெண்கள், நோயாளிகள் முதலானோர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று அறிவித்துப் போரிடும் அறத்தைப் போற்றுகிறது.

வரம்பு எங்கே உடைகிறது?

சட்டம் தெளிவாக இருந்தும் நடைமுறையில் அது உடையும் இடங்கள் உண்டு. நம் இமாம்கள் இதை மறைக்கவில்லை. கோட்டைக்குள் போராளிகளோடு பெண்களும் பிள்ளைகளும் இருந்தால், கல்லெறியும் ‘மின்ஜனீக்’ கருவியை அதன் மீது பயன்படுத்தலாமா என்று விரிவாக விவாதித்தார்கள். பலர் நிர்ப்பந்தத்தில் அனுமதித்தார்கள். ஆனால் குறி போராளிகள் மீதுதான் இருக்க வேண்டும் என்றார்கள். தூரத்தில் இருந்து எறியும்போது ஆள் பிரித்துப் பார்க்க முடியாது என்பதே அந்த அனுமதிக்குக் காரணம்.

இந்த வாதத்தின் எல்லையை 1755ஆம் ஆண்டுக் கோட்டை காட்டிவிடுகிறது. அங்கே படுகொலை நடந்தது கதவு உடைந்தபின். கையெட்டும் தூரத்தில், முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டினார்கள். ஆள் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்ற சமாதானம் அங்கே செல்லாது. இன்றும் ஒரு தாக்குதலைப் பற்றிச் செய்தி வரும்போது நாம் பார்க்க வேண்டியது இதைத்தான். தாக்கியவருக்குப் பிரித்துப் பார்க்க வாய்ப்பு இருந்ததா? இருந்தும் பார்க்கவில்லையா? ‘நிர்ப்பந்தம்’ என்ற சொல் எந்த நேரத்தில் வந்தது, செயலுக்கு முன்பா, செயல் முடிந்து கேள்வி எழுந்தபின்பா?

வரம்பு மீறல் நம் பக்கமே நடந்தால் என்ன செய்வது? இதற்கும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது. மக்கா வெற்றிக்குப் பின், ஹிஜ்ரி 8இல், காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் பனூ ஜதீமா குலத்தாரிடம் அனுப்பப்பட்டார்கள். அம்மக்கள் தாங்கள் இஸ்லாத்தை ஏற்றதைச் சரியான சொல்லால் வெளிப்படுத்தத் தெரியாமல், மதம் மாறிவிட்டோம் என்று பொருள்படும் வேறொரு சொல்லைச் சொன்னார்கள். காலித் (ரலி) அதை ஏற்காமல் அவர்களைச் சிறைப்பிடித்தார்கள். பிறகு ஒவ்வொருவரும் தம்மிடம் உள்ள கைதியைக் கொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். அப்துல்லாஹ் பின் உமர் (ரலி) அவர்கள் அந்தப் படையில் இருந்தார்கள். தாம் தம் கைதியைக் கொல்லப் போவதில்லை, தம் தோழர்களும் கொல்ல மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள்.

செய்தி மதீனாவின் தலைவரை எட்டியது. நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்தி, காலித் செய்த செயலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று இறைவனிடம் இருமுறை முறையிட்டதாகப் புகாரி அறிவிக்கிறது. பின்னர் அலீ (ரலி) அவர்களைப் பொருளோடு அனுப்பி, கொல்லப்பட்டவர்களுக்கு இரத்த ஈட்டுத்தொகை வழங்கச் செய்தார்கள் என்றும், நாய் நீர் குடிக்கும் பாத்திரத்துக்குக்கூட ஈடு கொடுக்கப்பட்டது என்றும் ஸீரா நூல்கள் கூறுகின்றன. காலித் (ரலி) அவர்களின் செயலை ஆலிம்கள் இஜ்திஹாதில் நேர்ந்த பிழை என்றே விளக்குகிறார்கள். ஆயினும் தளபதியின் நல்ல நோக்கம், இறந்தவரின் குடும்பத்துக்குரிய ஈட்டை இல்லாமலாக்கவில்லை.

இப்போது ஹெரானைப் பாருங்கள். அவரையும் சென்னையில் ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. இனிக் கம்பெனியில் பணியாற்றத் தகுதியற்றவர் என்று தீர்ப்பாயிற்று. தண்டனை ஓர் அதிகாரியின் உத்தியோகத்தோடு முடிந்தது. பனூ ஜதீமா நிகழ்ச்சியில் விசாரணையின் நடுவில் நின்றவர்கள் பாதிக்கப்பட்டவர்கள். அந்த வேறுபாட்டை மாணவர்கள் தங்கள் கட்டுரையில் குறித்துக்கொள்ளலாம்.

கழுகுமலை கேட்கும் மூன்றாவது கேள்வி

நீதியான போர் என்ற கோட்பாட்டை எவ்வளவு நேர்த்தியாகச் சொன்னாலும், அகிம்சை வழி வேறொரு கேள்வியோடு வருகிறது. கொல்வதற்கு விதிமுறை வகுக்கிறீர்களே, கொல்லாமல் இருக்க வழி தேடினீர்களா?

கழுகுமலையின் பாறையில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பாண்டியர் காலத்தில், தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டன. அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களும் ஊர்களும் வட்டெழுத்தில் கீழே பொறிக்கப்பட்டுள்ளன. இந்தச் சமயத்தில் துறவிக்கும் இல்லறத்தாருக்கும் கடமை ஒன்றல்ல. துறவி தம்மைத் தாக்க வருபவரிடமும் கை ஓங்க மாட்டார். இல்லறத்தாருக்கு அணுவிரதம் எனப்படும் சிறிய அளவிலான நோன்பு. சமண ஆசிரியர்கள் இம்சையை நான்காகப் பிரித்தார்கள். வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தாக்குபவரை எதிர்க்கையில் நேர்வது. இல்லறத்தார் முற்றாக விட வேண்டியது முதலாவதை. மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். நான்காவது, அதாவது தற்காப்பு, அவர்களுக்கு முழுவதுமாகத் தடுக்கப்படவில்லை.

அதனால்தான் சமண அரசர்களும் சமணப் படைத்தலைவர்களும் வரலாற்றில் இருக்கிறார்கள். கழுகுமலையிலேயே உள்ள ஒரு பாண்டியர் கல்வெட்டு, மலைநாட்டின் மீது நடந்த படையெடுப்பில் உயிரிழந்த இரண்டு வீரர்களைப் பற்றிப் பேசுகிறது. அகிம்சையின் மலையில் போர்வீரனின் பெயரும் இருக்கிறது. ‘அகிம்சைச் சமயம் போரையே அறியாது’ என்று அட்டவணை போடுபவர்கள் அந்தப் பாறையின் முன் நின்று பார்க்க வேண்டும்.

அப்படியானால் வேறுபாடே இல்லையா என்றால், இருக்கிறது. சமணத்தில் தற்காப்புக்காகக் கொல்வதும் இம்சைதான். பொறுத்துக்கொள்ளப்படுகிறதே தவிர, புண்ணியம் ஆவதில்லை. உணர்ச்சி வயப்பட்ட, கவனமற்ற மனநிலையில் உயிருக்குச் செய்யும் ஊறுதான் இம்சை என்று அவர்களின் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. ஆகவே அவர்கள் கொல்பவரின் உள்ளத்தைப் பார்க்கிறார்கள். இஸ்லாமோ, ஒடுக்கப்பட்ட ஆண்கள், பெண்கள், குழந்தைகளுக்காகப் போரிடுவது சில வேளைகளில் கடமை என்கிறது. அன்னிஸா 75ஆம் வசனம் அதைத்தான் கேட்கிறது. நாம் ஒடுக்கப்பட்டவரின் பக்கமிருந்து பார்க்கிறோம். பிறருடைய குழந்தை வெட்டப்படும்போது, நான் கை ஓங்க மாட்டேன் என்று ஒருவர் சொன்னால், அந்த நோன்பின் விலையைக் கொடுப்பவர் அவரல்ல, அந்தக் குழந்தை. அகிம்சையின் எல்லை இந்த இடத்தில் தெரிகிறது.

போர் நெறியின் பலவீனம் வேறு. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாவது எல்லா அரசுகளுக்கும் எளிது. நவாபும் கம்பெனியும் பாளையக்காரரும் தத்தம் காரணத்தை நியாயம் என்றே சொன்னார்கள். அந்த இடத்தில் அகிம்சையின் கேள்வி நமக்கும் தேவைப்படுகிறது.

மக்காவில் 13 ஆண்டுகள்

உண்மையில் அந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. மக்காவில் 13 ஆண்டுகள் முஸ்லிம்கள் அடித்தவரைத் திருப்பி அடிக்கவில்லை. சுமைய்யா (ரலி) கொல்லப்பட்டார்கள், பிலால் (ரலி) வதைக்கப்பட்டார்கள். அப்போதும் வாளெடுக்க அனுமதி வரவில்லை. ஹஜ் அத்தியாயத்தின் 39ஆம் வசனம் அனுமதி தந்தபோதும், அநீதி இழைக்கப்பட்டவர்கள் என்பதையே அதற்குக் காரணமாகச் சொன்னது. எதிரி சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நீங்களும் சாயுங்கள் என்பது அல்அன்ஃபால் 61ஆம் வசனத்தின் கருத்து. ஆதம் (அலை) அவர்களின் இரு மக்களில் ஒருவர், நீ என்னைக் கொல்லக் கை நீட்டினாலும் நான் உன்னைக் கொல்லக் கை நீட்ட மாட்டேன் என்ற பொருளில் பேசியதையும் அல்மாயிதா 28 நமக்கு நினைவூட்டுகிறது.

இந்த வழியை ஒரு படையாகவே கட்டிக் காட்டியவர் கான் அப்துல் கஃபார் கான். ஆயுதமும் பழிக்குப் பழியும் பழகிப்போன பட்டாணியர் மண்ணில், 1929இல் ‘குதாயி கித்மத்கார்’ என்ற இறைப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கினார். பழிவாங்க மாட்டேன், வன்முறையில் இறங்க மாட்டேன் என்பது அவர்களின் உறுதிமொழியில் இருந்தது. மக்காவின் பொறுமையைத்தான் தாம் சொல்வதாக அவர் விளக்கினார். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் நிராயுதபாணிகளாக நின்ற மக்கள் மீது ஆங்கிலேயப் படை சுட்டதில் பலர் ஷஹீதானார்கள். அந்த நாட்களில் அங்கே நிறுத்தப்பட்டிருந்த கார்வால் படைப்பிரிவைச் சேர்ந்த சந்திரசிங்கும் அவரது தோழர்களும் மக்களைச் சுட மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பனூ ஜதீமா களத்தில் இப்னு உமர் (ரலி) போராளியாக நின்றார்கள், கையில் வாள் இருந்தது. பெஷாவரில் சந்திரசிங் சிப்பாயாக நின்றார், கையில் துப்பாக்கி இருந்தது. இருவரும் துறவிகள் அல்லர். ஆயுதம் ஏந்தியவர் அநியாயமான உத்தரவுக்கு முன் கையை நிறுத்திய அந்த இடத்தில்தான் போர் நெறியும் அகிம்சையும் சந்திக்கின்றன. 1755இல் அந்தக் கோட்டை வாயிலில் அப்படி நின்ற கைகள் போதவில்லை. ஆறு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

ஆகவே நம் பிள்ளைகள் இந்தத் தலைப்பில் எழுதும்போது, எந்தச் சமயம் போரை அனுமதிக்கிறது என்று அட்டவணை போட வேண்டாம். மூன்று கேள்விகளை வரிசையாக வைத்து ஒரே நிகழ்ச்சியைச் சோதிக்கட்டும். போரிடக் காரணம் இருந்ததா? போரிட்ட விதம் வரம்புக்குள் இருந்ததா? போரில்லாத வழி உண்மையாகவே தேடப்பட்டதா? முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்ற விடை, மற்ற இரண்டையும் ஒருபோதும் அழித்துவிடாது. இதே அளவுகோலை நாம் நேசிப்பவர்கள் நடத்திய போர்களுக்கும் வைக்கும் துணிவு வேண்டும். அல்மாயிதா 8ஆம் வசனம் நம்மிடம் கேட்பது அதைத்தான்.

வல்லாஹு அஃலம்.